ஊசல் உச்சிக்கு வருகிறது, ஆனால் எல்.க்யூ.ஆர் பிடிப்பதில்லை: கோளாறு மாறும் இடத்திலா, அதற்கு முன்பா?

வண்டியும்_தண்டும்

பெல்ட்டில் ஓடும் வண்டி, அதன் மேல் தடையின்றிச் சுழலும் தண்டு. தண்டு சீரானது, நீளம் 60 செ.மீ., எடை 200 கிராம். தடத்தின் நீளம் 1 மீட்டர். மோட்டாருக்கு நான் கொடுப்பது முடுக்கக் கட்டளை. அதிகபட்சம் 5 மீ/வி². என்கோடர் ஒரு சுற்றுக்கு 4096 எண்ணிக்கை தருகிறது, கட்டுப்பாட்டுச் சுழற்சி 5 மில்லி விநாடி.

தொங்கும் நிலையிலிருந்து ஆற்றல் முறையில் ஆட்டி மேலே கொண்டுவருகிறேன். உச்சியிலிருந்து 20 டிகிரிக்குள் வந்ததும், தண்டை நிமிர்த்தி நிறுத்தும் நேரியல் கட்டுப்பாட்டியான எல்.க்யூ.ஆருக்கு மாறுகிறேன். கையால் தண்டை நிமிர்த்தி விட்டால் எல்.க்யூ.ஆர் அருமையாக வேலை செய்கிறது. விரலால் தட்டினாலும் சமாளிக்கிறது. ஆனால் ஆட்டத்திலிருந்து வரும்போது ஒருமுறைகூடப் பிடிப்பதில்லை. வண்டி ஒரு பக்கம் பாய்கிறது, தண்டு மறுபக்கம் விழுகிறது, பிறகு காற்றாடி போலச் சுற்றத் தொடங்கிவிடுகிறது.

ஆற்றல் கணக்கிடும் பகுதி, மாதிரி நிரலில் இருந்தபடியே:

```c
J = m*l*l;               // m = 0.2, l = 0.3
E = 0.5*J*dth*dth + m*g*l*(cos(th) - 1);
u = sat(k*E*sgn(dth*cos(th)), umax);
```

`th` உச்சியிலிருந்து அளக்கப்படுகிறது. உச்சியில் அசையாமல் நின்றால் E பூஜ்யம்.

நேர்க்கோடு

இது எல்.க்யூ.ஆர் போதுமான வேகத்தில் செயல்படாத அறிகுறி. Q அணியில் கோணத்துக்கான எடையைப் பத்து மடங்கு கூட்டுங்கள், R-ஐக் குறையுங்கள். கூடவே மாறும் கோணத்தை 20-இலிருந்து 35 டிகிரியாக்குங்கள். அதிக நேரம் கிடைத்தால் பிடித்துவிடும்.

அரைச்சுற்று

என்னிடமும் ஓர் ஊசல் இருக்கிறது. அதில் `cos(th)` எதுவும் இல்லை, `sgn(dth)` மட்டும்தான். முதல் நாளிலிருந்தே நன்றாக மேலே போய் நிற்கிறது. அந்த cos எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை. அதை எடுத்துப் பார்த்தீர்களா?

சமநிலை

அரைச்சுற்று, உங்கள் மோட்டார் தண்டின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கிறதா?

அரைச்சுற்று

ஆமாம், அச்சில் நேரடியாக. அதனால் என்ன?

சமநிலை

அதனால்தான் உங்களுக்கு cos தேவைப்படவில்லை. அச்சில் திருப்பு விசை கொடுத்தால், தண்டு எந்தத் திசையில் சுற்றுகிறதோ அதே திசையில் தள்ளினால் போதும், ஆற்றல் ஏறும். வண்டியில் இருப்பவரின் கதை வேறு. அவர் தண்டின் அடிமுனையைப் பக்கவாட்டில் மட்டுமே இழுக்க முடியும். தண்டின் எடைமையம் பக்கவாட்டில் எவ்வளவு நகர்கிறதோ அதற்குத்தான் வேலை கணக்காகும். தண்டு கிடைமட்டத்தைத் தாண்டி மேல் பாதிக்குப் போனதும், அதே சுழற்சித் திசையில் எடைமையம் எதிர்ப்பக்கமாக நகரத் தொடங்குகிறது. அங்கே குறியை மாற்றாவிட்டால் கொடுத்த ஆற்றலைத் திரும்பப் பிடுங்குகிறோம்.

இதில் சுவையான விஷயம் ஒன்று: cos-ஐ எடுத்துவிட்டாலும் வண்டி ஊசல் கிடைமட்டத்தில் சிக்கி நின்றுவிடாது. அடிப்புள்ளியிலிருந்து இருபுறமும் A கோணம் ஆடும் ஊசலுக்கு, முழு வீச்சில் கிடைக்கும் ஆற்றல், mgl-ஆல் வகுத்தால், `(u/g)*2*sin(A)`. A = 150 டிகிரியிலும் இது நேர்க்குறிதான். ஆனால் அந்த இடத்தில் குறியைச் சரியாக மாற்றும் நிரலுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் இதற்குக் கிடைக்கும். உச்சியை நெருங்க நெருங்க ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். அதைவிட மோசம், கடைசி ஏற்றத்தில் ஆற்றல் சற்றுக் குறைவாக இருந்தால் அதை இன்னும் குறைக்கும். ஆகவே கேள்வி கேட்டவர் cos-ஐத் தொட வேண்டாம்.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். ஒன்று மட்டும் வேண்டும்: 20 டிகிரியில் மாறும் அந்தக் கணத்தில் `dth` என்ன காட்டுகிறது?

வண்டியும்_தண்டும்

பதிவைத் திறந்து பார்த்தேன். `th = -0.349`, `dth` ஏறக்குறைய 6 ரேடியன்/விநாடி. பெரும்பாலும் அதையொட்டியே இருக்கிறது. இது அதிகமா, குறைவா என்று தெரியவில்லை.

சமநிலை

மிக அதிகம். இங்கேயே விடை இருக்கிறது.

உங்கள் தண்டுக்கு ஆற்றல் சரியாகப் பூஜ்யமாக இருந்தால், உச்சிக்கு 20 டிகிரி முன்னால் அதன் வேகம் 1.72 ரேடியன்/விநாடி இருக்க வேண்டும். `dth = 2*w0*sin(th/2)` என்ற சமன்பாட்டிலிருந்து வருவது அது; உங்கள் தண்டுக்கு w0 = 4.95. உங்களுக்கு வருவதோ அதைப் போல் மூன்றரை மடங்கு.

இப்போது எல்.க்யூ.ஆரைக் கொஞ்சம் மறந்துவிட்டு, இந்த ஒரே ஓர் எண்ணைப் பாருங்கள்:

`z = th + dth/w0`

உச்சிக்கு அருகே ஊசலின் இயக்கத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று தானாகவே தேயும், இன்னொன்று தானாகவே வளரும். z என்பது அந்த வளரும் பகுதி. மோட்டார் ஒன்றும் செய்யாவிட்டால் உங்கள் தண்டில் அது 0.14 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதன் சமன்பாடு மிக எளிது:

`dz/dt = w0*(z - u/g)`

இதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். z-இன் அளவு `umax/g`-ஐ விடச் சிறியதாக இருக்கும்வரை மோட்டார் அதை அடக்க முடியும். அதைத் தாண்டிவிட்டால் மோட்டாரை முழு வலுவில் ஓட்டினாலும் z வளர்ந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் எல்லை 5/9.81, அதாவது 0.51. Q, R எதுவும் இந்தச் சமன்பாட்டில் இல்லை என்பதைக் கவனியுங்கள், நேர்க்கோடு. எந்த நேரியல் கட்டுப்பாட்டியாலும், நேரியல் அல்லாததாலும், இந்த எல்லையை நகர்த்த முடியாது. அது மோட்டாரின் எல்லை.

உங்கள் எண்களைப் போட்டால்: -0.349 + 6/4.95 = 0.86. எல்லை 0.51. எல்.க்யூ.ஆருக்கு வேலை வரும்போதே ஆட்டம் முடிந்துவிட்டது.

ஆற்றல் சரியாக இருந்திருந்தால்: -0.349 + 1.72/4.95 = -0.002. பூஜ்யம் என்றே சொல்லலாம். ஆற்றல் முறையின் அழகே இதுதான். E பூஜ்யமாக உச்சியை நோக்கி வரும் ஊசல், தானாகத் தேயும் பாதையிலேயே வருகிறது. பிடிப்பதற்குக் கிட்டத்தட்ட எதுவும் செய்ய வேண்டியதில்லை.

நேர்க்கோடு

எல்லை மோட்டாருடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோணத்தை அகலமாக்குவது வீண் என்று சொல்லிவிட முடியாது. z வளர்ந்துகொண்டே இருக்கிறது என்றால், முன்னதாகப் பிடித்தால் அது சிறியதாக இருக்குமே?

சமநிலை

சரிதான், அந்தப் பாதி உண்மை. ஆற்றல் mgl-இல் 13 சதவீதம் மிகையாக இருந்தால், உச்சியில் காத்திருந்து பிடிக்கும்போது z சரியாக 0.51, அதாவது விளிம்பில். 20 டிகிரி முன்னாலேயே பிடித்தால் 0.27 மட்டும். ஆகவே அகலமான வாசல் உதவும். ஆனால் இவருடைய மிகை 13 சதவீதம் அல்ல, 67 சதவீதம். அதற்கு 35 டிகிரி வாசலும் போதாது. மேலும் கோணம் பெருகப் பெருக மோட்டாரின் பிடி cos அளவுக்குத் தளரும். நேரியல் மாதிரி அதை அறியாது.

புதுவரவு

67 சதவீதம் எங்கிருந்து வந்தது? அவருடைய நிரல் E-ஐப் பூஜ்யத்துக்குத்தானே கொண்டுபோகிறது?

சமநிலை

அது பூஜ்யம் என்று *நினைக்கும்* இடத்துக்குக் கொண்டுபோகிறது. நிரலின் முதல் வரியைப் பாருங்கள்: `J = m*l*l`. எடை முழுவதும் ஒரு நூலின் நுனியில் இருந்தால் அது பொருந்தும். இவரிடம் இருப்பது சீரான தண்டு. அதன் நிலைமத் திருப்புத்திறன், அச்சைப் பொறுத்து, எடை × முழு நீளத்தின் வர்க்கம் ÷ 3. அதாவது 0.024. நிரல் எடுத்துக்கொண்டதோ 0.018. சரியாக முக்கால் பங்கு.

தண்டு அடிப்புள்ளியைக் கடக்கும் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியைத் தொட அங்கே 9.9 ரேடியன்/விநாடி போதும். முக்கால் பங்கு J-ஐ நம்பும் நிரல் 11.4 வரும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த வித்தியாசம் 0.39 ஜூல், mgl 0.589 ஜூல். 67 சதவீதம் வந்துவிட்டதா? அதோடு உச்சியைக் கடந்தால் வேகம் 5.7, அதற்கு 20 டிகிரி முன்னால் ஏறக்குறைய 6. அவர் பதிவில் பார்த்ததும் அதே 6.

காற்றாடி போலச் சுற்றுவதும் இதனால்தான். மேல் பாதியில் நிரல் 'மிகை' என்று கண்டு குறைக்கிறது, கீழ்ப்பாதியில் 'குறைவு' என்று கண்டு கூட்டுகிறது. இப்படியே ஓடும்.

வண்டியும்_தண்டும்

அப்படியானால் எல்.க்யூ.ஆர் எப்படி வேலை செய்தது? அதற்கும் இதே J-ஐத்தான் கொடுத்தேன். கையால் நிமிர்த்தினால் கல் போல நிற்கிறதே. அதை வைத்துத்தான் என் மாதிரி சரி என்று எடுத்துக்கொண்டேன்.

சமநிலை

இந்தக் கேள்வி முக்கியமானது. பின்னூட்டம் எந்நேரமும் பிழையைப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கிறது. J-இல் கால் பங்கு தவறு இருந்தாலும் அது பொருட்படுத்தாது. எல்.க்யூ.ஆர் நன்றாக நிற்பது உங்கள் மாதிரி சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆற்றல் முறையிலும் பின்னூட்டம் இருக்கிறது, ஆனால் அது பின்தொடரும் இலக்கே J-ஐ வைத்துக் கட்டியது. அளவுகோலே தவறாக இருந்தால் பின்னூட்டம் விடாமுயற்சியோடு தவறான இடத்துக்குப் போய்ச் சேரும்.

நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியை அசையாமல் பூட்டுங்கள். பெல்ட்டில் தளர்வு இருந்தால் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், வண்டி நகர்ந்தால் அளவு கெட்டுவிடும். தண்டைக் கிடைமட்டத்திலிருந்து விடுங்கள், மோட்டார் எதுவும் செய்யக்கூடாது. நிரல் கணக்கிடும் E-ஐப் பதிவு செய்யுங்கள். உராய்வால் மெல்லச் சரியலாம், ஆனால் ஆட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கக்கூடாது.

வண்டியும்_தண்டும்

செய்து பார்த்தேன். E-ஐ mgl-ஆல் வகுத்துப் போட்டேன். வீச்சின் இரு முனைகளிலும் -1.0, அடிப்புள்ளியைக் கடக்கும்போதெல்லாம் -1.25 அளவுக்குப் பள்ளம். ஒவ்வொரு முழு ஆட்டத்துக்கும் இரண்டு பள்ளங்கள்.

சமநிலை

முக்கால் பங்கு J-க்கு எதிர்பார்க்க வேண்டிய வடிவம் அதுவே. அடியில் பள்ளம் விழுந்தால் J குறைவாக எடுக்கப்பட்டிருக்கிறது. அடியில் மேடு வந்தால் J அதிகம். தட்டையாகும்வரை சரிசெய்யலாம்.

ஆனால் m, l, J மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டியதே இல்லை. ஆற்றலை mgl-ஆல் வகுத்துவிட்டால் எஞ்சுவது w0 என்ற ஒரே எண். அதைக் கடிகாரம் தந்துவிடும். வண்டியைப் பூட்டி, தண்டைத் தொங்கவிட்டு, 10 டிகிரிக்குக் குறைவாக ஆட்டி, அலைவு நேரத்தை எடுங்கள். `w0 = 2π/T`. திருகாணி, என்கோடர் சக்கரம், நுனியில் ஒட்டிய டேப் எல்லாம் அந்த எண்ணுக்குள் தாமாகவே வந்துவிடும். கிடைமட்டத்திலிருந்து விட்ட ஆட்டத்தில் மட்டும் எடுக்காதீர்கள். பெரிய வீச்சில் அலைவு நேரம் 18 சதவீதம் நீண்டுவிடும்.

வண்டியும்_தண்டும்

பத்து அலைவுக்கு 12.7 விநாடி. w0 = 4.95. பழைய சூத்திரம் 11.0 விநாடி என்று சொல்லியிருக்கும். சரி, நிரலை இப்படி மாற்றியிருக்கிறேன்:

```c
e = 0.5*(dth/w0)*(dth/w0) + cos(th) - 1;
z = th + dth/w0;
if (!bal && fabs(th) < 0.35 && fabs(z) < 0.25) {
    bal = 1;  xref = x;
}
if (bal && fabs(th) > 0.6) bal = 0;
```

உள்ளே வர 0.35, வெளியேற 0.6. ஒரே எண்ணை வைத்தபோது இரண்டு கட்டுப்பாட்டிகளும் மாறி மாறிப் பிடுங்கிக்கொண்டு வண்டி கிறீச்சிட்டது. z-க்கு 0.51-இல் பாதியை வைத்திருக்கிறேன்.

தாமதம்

யாரும் `dth` எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. இரண்டு என்கோடர் அளவுகளைக் கழித்து 5 மில்லி விநாடியால் வகுக்கிறீர்கள் என்றால், ஓர் எண்ணிக்கை மாறினாலே வேகத்தில் 0.3 ரேடியன்/விநாடி குதிக்கும். z-இல் அது 0.06. பொறுத்துக்கொள்ளலாம். 'வேகமான சுழற்சி நல்லது' என்று யாராவது சொன்னதைக் கேட்டு 1 மில்லி விநாடிக்குப் போனால் அதே குதிப்பு 1.5 ஆகிவிடும், z-இல் 0.3. உங்கள் வாசல் 0.25. அப்புறம் மாறுவதும் மாறாததும் என்கோடரின் மனநிலையைப் பொறுத்தது. சுழற்சியை வேகமாக்கினால் வேகத்தைச் சில அளவுகளுக்கு மேல் சராசரியாக எடுங்கள். அந்தச் சராசரிக்கும் விலை உண்டு: 20 மில்லி விநாடி தாமதம் என்றால் அதற்குள் உண்மையான z பத்து சதவீதம் வளர்ந்திருக்கும். அதைத் தாங்கலாம். 100 மில்லி விநாடி வடிகட்டி போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் ஊசலை அல்ல, அதன் நினைவை நிறுத்தப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று: காற்றாடி போலச் சுற்றிய பிறகு `th` 6.28-ஐ ஒட்டி நிற்கும், பூஜ்யத்தை ஒட்டி அல்ல. கோணத்தை -π முதல் π வரை மடக்குகிறீர்களா?

வண்டியும்_தண்டும்

மடக்குகிறேன். `atan2(sin(th), cos(th))`. 5 மில்லி விநாடியிலேயே இருக்கிறேன்.

புதுவரவு

நான் கணினியில் மட்டும் செய்துபார்க்கிறேன். மேலே சொன்னபடி ஆற்றல் பகுதி வேலை செய்கிறது, ஆனால் என் வண்டி ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கிறது. ஆட்டும்போது முடுக்கத்தை 3 மீ/வி² ஆக வைத்திருக்கிறேன். இடமும் வலமும் சமமாகத்தான் தள்ளுகிறேன், பிறகு எப்படி ஒரு பக்கமாகவே நகர்கிறது? மேலும் முதலில் தொங்கும்போது எதுவும் நடப்பதே இல்லை.

சமநிலை

இரண்டாவது எளிது: அசையாமல் தொங்கினால் `dth` பூஜ்யம், ஆகவே u பூஜ்யம். ஒரு சிறு தட்டு கொடுத்துத் தொடங்குங்கள்.

முதலாவதைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். ஓய்விலிருந்து தொடங்குகிறது வண்டி. அரை ஆட்டம் சுமார் 0.63 விநாடி, அந்த நேரம் முழுக்க +3 கொடுத்தால் வேகம் 1.9 மீ/வி. அடுத்த அரை ஆட்டம் -3 கொடுத்தால் வேகம் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. எதிர்த்திசைக்குப் போகவே இல்லை! முடுக்கம் சமமாக இருந்தும், ஒவ்வொரு முழு ஆட்டத்துக்கும் வண்டி 1.2 மீட்டர் ஒரே பக்கம் போகிறது. முதல் தள்ளலைப் பாதி நேரத்துக்கு மட்டும் கொடுத்திருந்தால் வேகம் -0.95-க்கும் +0.95-க்கும் இடையே ஆடியிருக்கும். வண்டியும் நடுவிலிருந்து இருபுறமும் 15 செ.மீ.க்குள் அடங்கியிருக்கும்.

நடைமுறையில் அந்த அளவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஆட்டும் விதியில் `- kx*x - kv*v` என்று மெல்லிய இழுப்பைச் சேருங்கள். அது சில வேளை ஆற்றலைக் கொஞ்சம் திருடும். ஆற்றல் பகுதி அதை ஈடுகட்டிவிடும், இழுப்பு மெல்லியதாக இருக்கும்வரை.

நேர்க்கோடு

இந்த இழுப்பைச் சேர்த்தால், ஆற்றல் கண்டிப்பாகப் பூஜ்யத்துக்குப் போகும் என்ற நிரூபணம் உடைகிறது. அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

சமநிலை

உடைகிறது, உண்மை. ஆனால் அந்த நிரூபணம் எல்லையில்லாத தடத்துக்கானது. தடம் 1 மீட்டர் என்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வண்டியும்_தண்டும்

என்னிடம் அந்த இழுப்பு முன்பே இருந்தது. இப்போதைய நிலை: மேலே வரும்போது 20 டிகிரியில் வேகம் 1.6 முதல் 2 வரை. பெரும்பாலான நேரம் முதல் முயற்சியிலேயே பிடித்துவிடுகிறது, ஓசையே இல்லாமல்.

சில நேரம் உச்சிக்குச் சற்று முன்பே நின்று திரும்பிவிடுகிறது, கடைசி ஏற்றத்தில் உராய்வு தின்றுவிடுகிறது போலும். அப்போதும் 18 டிகிரிக்குள் வந்தால் பிடிக்க வேண்டும் அல்லவா?

சமநிலை

18 டிகிரியில் நின்று திரும்புகிறது என்றால் ஆற்றல் 5 சதவீதம் குறைவு, z = 0.31. மோட்டாரால் முடியும், ஆனால் உங்கள் 0.25 வாசல் விடாது. வாசலை 0.35 ஆக்கலாம். அல்லது ஆட்டும்போது இலக்கைப் பூஜ்யத்துக்குப் பதிலாக +0.03 என்று வையுங்கள். `k*(e - 0.03)`. சற்று மிகையோடு வருவது எப்போதும் நல்லது. குறைவாக வரும் ஊசல் திரும்பிப் போய்விடும். சற்று மிகையாக வரும் ஊசல் உச்சியை எப்படியும் கடந்தாக வேண்டும்.

வண்டியும்_தண்டும்

+0.03 வைத்ததும் அந்தத் தொல்லை போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒன்று. வண்டி தடத்தின் ஓரத்தை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது தண்டு உச்சிக்கு வந்தால், z எல்லாம் அருமையாக இருக்கிறது, தண்டும் நிற்கிறது, ஆனால் வண்டி ஓரத்து நிறுத்தியில் மோதி எல்லாம் கலைந்துவிடுகிறது. `xref = x` வைத்தும் இது நடக்கிறது.

தாமதம்

`xref = x` இடத்தைத்தான் மறக்கச் சொல்கிறது, வேகத்தை அல்ல. வண்டியை நிறுத்த வேண்டுமானால் தண்டு முதலில் பின்பக்கம் சாய வேண்டும். அதைப் பின்பக்கம் சாய்க்க, வண்டி முதலில் *முன்பக்கம்* இன்னும் வேகமாக ஓட வேண்டும். ஓரத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் வண்டியை எல்.க்யூ.ஆர் இன்னும் ஓரத்துக்கு விரட்டுவது பிழையல்ல, வேறு வழியில்லாததால்.

நேர்க்கோடு

இதற்காகத்தான் z-ஐ மட்டும் பார்க்காமல் எல்.க்யூ.ஆரின் P அணியை வைத்து `x'*P*x < c` என்று நான்கு நிலைகளையும் சேர்த்து வாசல் வைக்க வேண்டும். வண்டி வேகமும் அதில் அடங்கிவிடும்.

சமநிலை

வேகம் அடங்கும். ஆனால் அந்த நீள்வட்டம் சமச்சீரானது. ஓரத்தை நோக்கிப் போகும் வண்டியையும் நடுவை நோக்கி வரும் வண்டியையும், xref-ஐ நகர்த்திய பிறகு, அது வேறுபடுத்திப் பார்க்காது. தடம் எங்கே முடிகிறது என்பதும் அதற்குத் தெரியாது. xref-ஐ நகர்த்தாமல் நடுவிலேயே வைத்தால் தெரியும். ஆனால் c-ஐ மோட்டாரும் தடமும் பொறுக்கும் அளவுக்குச் சுருக்கினால் வாசல் மிகவும் குறுகிவிடும், ஊசல் பல சுற்று காத்திருக்கும். நான் z வாசலோடு, `x*v < 0` அல்லது வேகம் சிறியது என்ற நிபந்தனையைச் சேர்ப்பேன்.

நேர்க்கோடு

அது தற்காலிக ஒட்டு. நான்கு நிலைகளுக்கும் பல தொடக்கப் புள்ளிகளிலிருந்து கணினியில் ஓட்டி, தடத்துக்குள் பிடிபடுபவற்றை அட்டவணையாக வைப்பதுதான் முறையானது.

சமநிலை

அட்டவணை சரியாகத்தான் இருக்கும், பெல்ட்டின் உராய்வை நீங்கள் சரியாகக் கொடுத்தால். ஊசலுக்கு ஒரு w0 போதும். வண்டிக்கு அப்படி ஓர் ஒற்றை எண் கிடையாது.

அரைச்சுற்று

அச்சிலேயே மோட்டாரை வைத்திருந்தால் தடமே தேவையில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தாமதம்

அச்சில் மோட்டார் வைத்தால் அது தலைகீழ் ஊசலே இல்லை, கதவு.

வண்டியும்_தண்டும்

`x*v < 0 || fabs(v) < 0.3` சேர்த்திருக்கிறேன். ஓரத்தில் மோதுவது நின்றுவிட்டது. ஆனால் சில நேரம் முதல் வாய்ப்பை விட்டுவிட்டு இன்னொரு சுற்று சுற்றிய பிறகே பிடிக்கிறது. வண்டியின் வேகத்தையும் ஆட்டும் கட்டத்திலேயே திட்டமிட்டு, உச்சிக்கு வரும்போது வண்டி நடுவை நோக்கி வருமாறு செய்ய வழி உண்டா? kv-ஐக் கூட்டிப் பார்த்தேன், ஆட்டம் மிகவும் மந்தமாகிவிட்டது. யாராவது செய்திருந்தால் kx, kv விகிதத்தைச் சொல்லுங்கள்.